ஹைட்ரஜன் சிவப்பு வரி 646 நா.மீ. என்று வருகிறது, R 1.115 × 10⁷ ஆகிறது: பிழை எங்கே?

கடைசிபெஞ்ச்_இயற்பியல் எழுதியது:

பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு லேப். ஹைட்ரஜன் மின்னிறக்கக் குழாய், ஸ்பெக்ட்ரோமீட்டர், கிரேட்டிங். பாமர் வரிசையின் மூன்று வரிகளை முதல் வரிசை விளிம்பு விளைவில் இடமும் வலமும் அளந்து ரிட்பெர்க் மாறிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். இடது, வலது ரீடிங்குகளின் வித்தியாசம், அதாவது 2θ, இப்படி வந்தது:

சிவப்பு 45°36′
நீலப்பச்சை 33°22′
ஊதா 29°42′

லேப் மேனுவலில் ஒரு செ.மீ.க்கு 6000 கோடுகள் என்று போட்டிருக்கிறது. அதை வைத்து λ = d sin θ போட்டால் 645.9, 478.5, 427.2 நா.மீ. சிவப்பு வரியிலிருந்து R = 1.115 × 10⁷ m⁻¹. புத்தகத்தில் 1.097 × 10⁷. ரீடிங்கை மூன்று முறை எடுத்தாயிற்று, ஒரு நிமிடத்துக்கு மேல் மாறவில்லை. எங்கே தவறுகிறது?

---

ரிட்பெர்க்ரசிகன் எழுதியது:

தம்பி, புத்தகத்தில் இருக்கும் 1.0973731 × 10⁷ என்பது அணுக்கருவின் நிறை முடிவிலி என்று வைத்துக் கணக்கிட்ட மாறிலி. ஹைட்ரஜனில் எலெக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்துதான் சுற்றுகின்றன. அதனால் குறைக்கப்பட்ட நிறையைப் போட வேண்டும், R = 1.0967758 × 10⁷ ஆகிவிடும். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் வித்தியாசத்துக்கு இதுதான் காரணம்.

---

கீற்றணி எழுதியது:

ரிட்பெர்க்ரசிகன் சொன்ன திருத்தம் உண்மைதான். ஆனால் அது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். புரோட்டான் எலெக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம், ஆகவே திருத்தம் 1836-ல் ஒரு பங்கு, 0.054 சதவீதம். கேட்டவரின் பிழை 1.6 சதவீதம், முப்பது மடங்கு பெரியது. போதாததற்குத் திசையும் எதிர். குறைக்கப்பட்ட நிறையைப் போட்டால் எதிர்பார்க்கும் R குறையும், இவருக்கோ R கூடுதலாக வந்திருக்கிறது.

R-ஐத் தொடும் முன் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். இதற்கு R-ம் வேண்டாம், கிரேட்டிங் இடைவெளி d-யும் வேண்டாம். பாமர் வரிசையில்

1/λ = R (1/2² − 1/n²)

n = 3 என்றால் அடைப்புக்குள் 5/36. n = 4 என்றால் 3/16. n = 5 என்றால் 21/100. இரண்டு வரிகளின் அலைநீளங்களை வகுத்தால் R அடிபட்டுப் போகும்:

λ(சிவப்பு) / λ(நீலப்பச்சை) = (3/16) ÷ (5/36) = 27/20 = 1.35
λ(சிவப்பு) / λ(ஊதா) = (21/100) ÷ (5/36) = 1.512

λ = d sin θ என்பதால் d-யும் அடிபடும். மிச்சம் இருப்பது sin θ-க்களின் விகிதம் மட்டும். உங்கள் கோணங்களைப் போடுகிறேன்: sin 22°48′ = 0.38752, sin 16°41′ = 0.28708, sin 14°51′ = 0.25629. முதல் விகிதம் 1.3499, இரண்டாவது 1.5120.

இரண்டுமே கச்சிதமாக உட்காருகின்றன. ஆகவே வரிகளைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள், கோணங்களும் சரி. மூன்று அலைநீளங்களும் ஒரே விகிதத்தில் குறைவாக வருவதால் பிழை அவற்றுக்குப் பொதுவான ஒன்றில் இருக்கிறது. அது d. கிரேட்டிங்கின் ஓரத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மேனுவலை நம்ப வேண்டாம்.

---

நீட்_2ஆம்முறை எழுதியது:

இதே பாடத்தில் எனக்கும் ஒரு சந்தேகம். எலெக்ட்ரான் n = 4-ல் இருந்து கீழே வந்தால் மொத்தம் எத்தனை வரி? ஒரு புத்தகத்தில் 6, இன்னொன்றில் 3. எது சரி?

---

சுபா_வேதியியல் எழுதியது:

கேள்வியை நன்றாகப் படித்துப் பாருங்கள். ஏராளமான அணுக்கள் n = 4-ல் இருந்தால் எல்லா வழிகளும் நடக்கும்: 4→3, 4→2, 4→1, 3→2, 3→1, 2→1, ஆக ஆறு. ஒரே ஒரு அணு என்றால் அதிகபட்சம் 4→3→2→1 என்று மூன்று படி, மூன்று ஃபோட்டான். இரண்டு விடையும் சரி, வினா வேறு வேறு. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே லேப் கணக்கு ஓடட்டும்.

---

கடைசிபெஞ்ச்_இயற்பியல் எழுதியது:

கிரேட்டிங் சட்டத்தில் 15000 LPI என்று இருக்கிறது.

---

கீற்றணி எழுதியது:

அங்குலத்துக்கு 15000. செ.மீ.க்கு மாற்றினால் 15000 / 2.54 = 5905.5. யாரோ அதை 6000 என்று முழுமையாக்கி மேனுவலில் போட்டிருக்கிறார்கள். 6000 / 5905.5 = 1.016. உங்கள் 1.6 சதவீதம் இதுதான்.

d = 2.54 × 10⁻² / 15000 = 1.6933 × 10⁻⁶ மீ. என்று வைத்துக் கணக்கை மறுபடி போட்டால்:

சிவப்பு: 1693.33 × 0.38752 = 656.2 நா.மீ., R = 36 / (5λ) = 1.0972 × 10⁷
நீலப்பச்சை: 486.1 நா.மீ., R = 16 / (3λ) = 1.0971 × 10⁷
ஊதா: 434.0 நா.மீ., R = 100 / (21λ) = 1.0973 × 10⁷

விகிதச் சோதனை தோற்றிருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் முதன்மை அளவுகோலில் அரை டிகிரிக் கோட்டைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கும். 2θ-ல் 30′ பிசகினால் சிவப்பு வரி மட்டும் கிட்டத்தட்ட 7 நா.மீ. நகரும், மற்ற இரண்டும் அசையாது, விகிதம் உடனே காட்டிக் கொடுத்துவிடும். கிரேட்டிங் ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் நேர்க்கதிர் ரீடிங்கிலிருந்து இடப்பக்கக் கோணமும் வலப்பக்கக் கோணமும் சமமாக இராது. 2θ-ஐ மட்டும் எழுதி வைத்தால் அது தெரியாது, ஆகவே நேர்க்கதிர் ரீடிங்கையும் குறித்து வையுங்கள்.

---

ரிட்பெர்க்ரசிகன் எழுதியது:

d விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் இப்போது வந்த R சராசரி 1.0972. முடிவிலி நிறைக்கான 1.0974-க்குப் பக்கம், ஹைட்ரஜனுக்கான 1.0968-க்குத் தூரம். கொள்கைப்படி ஹைட்ரஜன் மதிப்புதானே வர வேண்டும்? இன்னொன்று: 13.6 eV வைத்துப் போட்டால் 13.6 × 5/36 = 1.889 eV, 1240 / 1.889 = 656.4 நா.மீ. அதுவும் 656.28-ஐத் தாண்டிப் போகிறது.

---

கீற்றணி எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டு திருத்தங்கள் எதிரெதிர்த் திசையில் இழுப்பதுதான் காரணம். சிவப்பு வரிக்கு மட்டும் படிப்படியாகப் போடுகிறேன், 5/36-ஐ நேராக வைத்து λ = 7.2 / R.

முடிவிலி நிறை, R = 10973731.6: λ = 656.11 நா.மீ.
ஹைட்ரஜனின் R = 10967758.3: λ = 656.47 நா.மீ.
அட்டவணையில் இருப்பது: 656.28 நா.மீ.

முதல் மதிப்பு 0.17 குறைவு. சரியான R போட்டதும் 0.19 கூடிவிடுகிறது. இங்கே குழம்பிப் போய்ப் பழைய R-க்கே திரும்புகிறவர்கள் உண்டு, ஏனென்றால் அது ஒரு நூலிழை நெருக்கமாகத் தெரியும். விஷயம் என்னவென்றால் 656.47 வெற்றிடத்து அலைநீளம். அட்டவணைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிகளுக்குக் காற்றில் உள்ள அலைநீளத்தைத்தான் போடுவது வழக்கம். இந்த நிறத்துக்குக் காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.000276. வகுத்தால் 656.47 / 1.000276 = 656.29. இப்போது அட்டவணையோடு நூறில் ஒரு பங்கு நா.மீ. அளவுக்குப் பொருந்துகிறது.

உங்கள் லேபும் காற்றில்தான் இருக்கிறது. ஆகவே திருத்தாமல் வரும் R, ஹைட்ரஜன் R-ஐக் காற்றின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் கிடைப்பது: 1.09708 × 10⁷. 1.0968-ஐ எதிர்பார்க்கக் கூடாது.

13.6 வைத்துப் போட்ட கணக்கு மூன்று இலக்கத்துக்கு மேல் எதையும் சொல்லாது. 1240-க்குப் பதில் 1239.84-ம் 13.6-க்குப் பதில் 13.6057-ம் போட்டால் 656.11, ஹைட்ரஜனின் R-க்குரிய 13.5983 போட்டால் 656.47. நான்காம் இலக்கத்தில் விவாதிக்க 13.6 போதாது.

---

இரவுவானம் எழுதியது:

தொலைநோக்கிக்காரர்கள் பக்கம் இது கைக்காசு போகும் விஷயம். நெபுலா படமெடுக்க வாங்கும் 7 நா.மீ. அகல ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டருக்கு 656.1 என்றாலும் 656.47 என்றாலும் ஒன்றுதான். அதன் வழியே 658.35-ல் இருக்கும் நைட்ரஜன் அயனி வரியும் சேர்ந்தே வரும். ஆனால் சூரியனைப் பார்க்கும் ஆல்ஃபா ஃபில்டரின் அகலம் 0.07 நா.மீ. சுற்றுவட்டாரம்தான். அங்கே 0.17 தள்ளிப்போனால் சூரிய முகட்டுச் சுடர்கள் மறைந்து வெறும் சூரிய வட்டம்தான் தெரியும். என்னுடையதில் கொஞ்சம் சாய்த்தால் கடத்தும் அலைநீளம் நீலப்பக்கம் நகர்கிறது, அதை வைத்துத்தான் டியூன் செய்கிறேன்.

கொள்கை மதிப்பு 656.29, அட்டவணை 656.28. மிச்சம் 0.01 எங்கே போனது? காற்றின் வெப்பநிலையா?

---

கீற்றணி எழுதியது:

இல்லை. காற்று சூடானால் ஒளிவிலகல் எண் 1-ஐ நோக்கிக் குறையும், அலைநீளம் கூடும், வித்தியாசம் இன்னும் பெரிதாகும். மிச்சம் இருப்பது நீல்ஸ் போரின் அணு மாதிரிக் கணக்கில் இல்லாதது: எலெக்ட்ரானின் சுழற்சியும் சார்பியலும். n = 2 மட்டம் இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே போர் மதிப்பைவிடச் சற்று ஆழமாகப் போகின்றன. அதனால் சிவப்பு வரி உண்மையில் ஒரு கொத்து. அதில் பிரகாசமான இரண்டு பகுதிகள் 656.285, 656.272 பக்கம் இருக்கின்றன, எடையிட்ட சராசரி 656.28. சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இந்த அளவு துல்லியம் வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டியூட்டிரியமே சான்று. அதன் அணுக்கரு இரட்டிப்புக் கனம் என்பதால் குறைக்கப்பட்ட நிறைத் திருத்தம் பாதியாகிறது, சிவப்பு வரி 0.18 நா.மீ. நீலப்பக்கம் விழுகிறது. 1931 இறுதியில் யூரே, பிரிக்வெட், மர்பி மூவரும் இதே பாமர் வரிகளின் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்த துணைவரியை வைத்துத்தான் அந்த ஐசோடோப்பைக் கண்டுபிடித்தார்கள்.

---

கடைசிபெஞ்ச்_இயற்பியல் எழுதியது:

மிக்க நன்றி சார். இன்னும் இரண்டு. இதே R-ஐ மற்ற வரிசைகளுக்கும் அப்படியே போடலாமா? சிவப்புக்கும் நீலப்பச்சைக்கும் நடுவில், ஆரஞ்சுப் பக்கம், மங்கலான கோடுகள் நிறையத் தெரிந்தன. அவை பாஷன் வரிசையா? குழாய் கொஞ்சம் வெளிறிப் போயும் இருக்கிறது.

---

சுபா_வேதியியல் எழுதியது:

பாஷன் ஆக இருக்கவே முடியாது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குறைந்தபட்ச அலைநீளம் உண்டு, n₂ முடிவிலிக்குப் போகும்போது λ = n₁² / R. பாஷனுக்கு n₁ = 3, ஆகவே 9 / R = 820.6 நா.மீ. அதற்குக் கீழே பாஷன் வரி ஒன்றுகூட இல்லை. முழுக்க அகச்சிவப்பு.

நீங்கள் பார்த்தது ஹைட்ரஜன் மூலக்கூறின் வரிகள். குழாய்க்குள் இருப்பது H₂. மின்னிறக்கம் அதை அணுக்களாக உடைத்தால்தான் பாமர் வரிகள் வரும், உடையாதவை தம் பங்குக்குப் பட்டைகளாக ஒளிவிடும். 590 முதல் 640 நா.மீ. வரையான ஃபுல்ஷர் பட்டை அதில் பேர்போனது. குழாயின் நடுவில் இருக்கும் மெல்லிய தந்துகிப் பகுதியைப் பிளவுக்கு நேராக வையுங்கள். மின்னோட்ட அடர்த்தி அங்கேதான் அதிகம், அணு வரிகள் நன்றாகத் தூக்கித் தெரியும். மற்ற வரிசைகளுக்கு இது போதும்:

```python
R = 10967758.3            # m^-1
def lam(n1, n2):          # n1 < n2
    return 1e9 / (R * (1/n1**2 - 1/n2**2))

for a, b in [(1,2), (2,3), (3,4), (4,5), (4,7)]:
    print(a, b, round(lam(a, b), 2))
```

விடைகள் வெற்றிட நானோமீட்டரில்: லைமன் முதல் வரி 121.57, பாமர் 656.47, பாஷன் 1875.63, பிராக்கெட் 4052.28, அதே பிராக்கெட்டில் 7→4 என்றால் 2166.13. எதிர்க்குறியோடு விடை வந்தால் n₁, n₂ இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். விடை 1.5 × 10⁻³ போல அபத்தமாக வந்தால் தலைகீழாக்க மறந்து அலை எண்ணிலேயே நின்றுவிட்டீர்கள்.

வரிசைகள் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும் என்று பல பேர் நினைக்கிறார்கள். லைமன், பாமர், பாஷன் வரை அது சரி. பிராக்கெட்டில் உடைகிறது: அதன் எல்லை 16 / R = 1458.8 நா.மீ., பாஷனின் முதல் வரியோ 1875.6. ஆக பிராக்கெட்டின் மேல்மட்ட வரிகள் பாஷனின் முதல் இரண்டு வரிகளுக்கு நடுவே புகுந்துவிடும்.

---

கடைசிபெஞ்ச்_இயற்பியல் எழுதியது:

இரண்டாம் வரிசை விளிம்பு விளைவிலும் சிவப்பை அளந்தேன். 2θ = 101°36′. λ = d sin θ / 2 போட்டால் 656.12 நா.மீ. பக்கத்திலேயே ஒரு ஊதாக் கோடு வந்தது, அது என்ன?

---

ரிட்பெர்க்ரசிகன் எழுதியது:

பார்த்தீர்களா, 656.12! முடிவிலி நிறை மதிப்பான 656.11-ஐ ஒட்டியே வருகிறது.

---

கீற்றணி எழுதியது:

முதலில் ஊதா. அது 434-ன் மூன்றாம் வரிசை. 3 × 434.05 = 1302, 2 × 656.28 = 1313, ஆகவே 50°16′-ல் ஊதாவும் 50°49′-ல் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நிறம் வேறு என்பதால் ஆபத்தில்லை. கேமரா வைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஏமாற்றிவிடும்.

656.12-ஐ வைத்து எந்த R என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. முதல் வரிசையில் 2θ-ல் ஒரு நிமிடம் என்பது 0.23 நா.மீ. இரண்டாம் வரிசையில் 0.08. இரண்டாம் வரிசைக்குப் போனது நல்ல முடிவு, மூன்று மடங்கு கூர்மை. ஆனால் முதல் வரிசை 656.19, இரண்டாம் வரிசை 656.12, இரண்டும் 656.28-க்குக் கீழேயே நிற்கின்றன. அதில் முதலாவது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும். இரண்டாவதற்கு மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. 15000 என்பது அச்சிட்ட எண். லேபில் இருப்பவை பெரும்பாலும் நகல் கிரேட்டிங், d-யில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு விலகல் இருந்தால் ஆச்சரியமில்லை. கிரேட்டிங்கை அளக்காமல் நான்காம் இலக்கத்தைப் பற்றிப் பேச முடியாது.

பாதரச விளக்கின் பச்சை வரி, 546.07 நா.மீ., காற்றில். அதே மேசை அமைப்பை அசைக்காமல் இரண்டாம் வரிசையில் எடுங்கள். d சரியாக 1693.33 என்றால் 2θ = 80°20′ வர வேண்டும்.

---

இரவுவானம் எழுதியது:

d ஐயாயிரத்தில் ஒரு பங்கு மாறினால் 80°20′ எவ்வளவு நகரும்?

---

கீற்றணி எழுதியது:

ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், 80°19′ பக்கம் வரும். அதாவது வெர்னியரின் மீச்சிற்றளவு. ஒரே ரீடிங்கில் சந்தேகம் தீராது, இரண்டு வெர்னியரிலும் பத்துப் பத்தாக எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

---

கடைசிபெஞ்ச்_இயற்பியல் எழுதியது:

பாதரச விளக்கு திங்கட்கிழமைதான் கிடைக்கும். ரீடிங் எடுத்ததும் இங்கே போடுகிறேன். ரெக்கார்டில் இப்போதைக்கு R = 1.0972 ± 0.0004 என்று எழுதி, காற்றில் அளந்தது என்று குறிப்பும் சேர்த்திருக்கிறேன்.

---

ரிட்பெர்க்ரசிகன் எழுதியது:

வெற்றிடத்துக்கு மாற்றித்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. R அணுவின் பண்பு, காற்றுக்கு அதில் வேலையில்லை.

---

கீற்றணி எழுதியது:

மாற்றி எழுதினாலும் சரிதான், ±0.0004 இருக்கும்போது 0.0003 திருத்தம் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். எது செய்தாலும் எதைச் செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். திங்கள் ரீடிங்கில் நேர்க்கதிரையும் சேர்த்துப் போடுங்கள்.